மண்டபம் பிடிச்சாச்சு… கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ்?

மதுரைப் பக்கம் ஜாதகம் பொருந்தி இரு வீட்டாரும் தலையாட்டிவிட்டால், அடுத்த வேலை மண்டபம் பிடிப்பது. ஆடி, புரட்டாசி, மார்கழி கழிந்தது போக மிச்சமுள்ள மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் எது, அது ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினால் கையில் நிற்பவை சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களுக்குத்தான் அழகர்கோவில் சாலையிலும் பசுமலையிலும் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்குகிறார்கள். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் திருப்பரங்குன்றத்தில் போட்டி இன்னும் கடுமை. ஒருவழியாகத் தேதி காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், அங்கேயே நின்று செல்போனில் பணம் அனுப்பிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது.

“தங்களின் அட்வான்ஸ் ரூ.59,000 பெறப்பட்டது. தேதி 06.06.2027. அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது. நன்றி, வாழ்க வளமுடன்.”

எந்த ஒரு மண்டபத்தின் செய்தியும் அல்ல இது. ஆனால் வந்துகொண்டிருக்கும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த அச்சில்தான் இருக்கின்றன. கல்யாணம் குறித்தபடி நடந்துவிட்டால் இதை யாரும் மறுபடி திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் நின்றுபோனாலோ தள்ளிப்போனாலோ, இந்த நான்கு வரிகளை வைத்துத்தான் பெண்ணின் தாய்மாமனும் மண்டப மேனேஜரும் குரலை உயர்த்திக்கொள்கிறார்கள். “அட்வான்ஸ் திரும்பாதுன்னு அப்பவே அனுப்பினோமே அண்ணே” என்பார் மேனேஜர். “பணத்தை வாங்கின பிறகுதானே தம்பி அனுப்பினீங்க?” என்பார் மாமன்.

மாமன் கேட்பது வெறும் வாய்ச்சண்டைக் கேள்வி இல்லை. சட்டம் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒருவர் நிபந்தனையை அறிந்து, அதற்குச் சம்மதித்து, அதன் பிறகு பணம் கொடுத்தால்தான் அந்த நிபந்தனை ஒப்பந்தத்தின் பகுதி ஆகிறது. பணம் கைமாறிய பிறகு ஒரு தரப்பு தன் விருப்பத்துக்கு எழுதி அனுப்பும் வரி அவ்வளவு எளிதில் மற்றவரைக் கட்டுப்படுத்தாது. ரசீதின் பின்பக்கம் அச்சடித்துவிட்டால் போதும் என்ற நினைப்புக்கும் சென்னை உயர் நீதிமன்றம் 1960-களிலேயே பதில் சொல்லியிருக்கிறது. லில்லி ஒயிட் என்ற சலவைக் கடை, துணி தொலைந்தால் அதன் விலையில் 15 சதவீதம் மட்டுமே தருவோம் என்று பில்லில் அச்சிட்டிருந்தது. அது நியாயமற்ற நிபந்தனை, செல்லாது என்றது நீதிமன்றம்.

ஆகவே செய்தியில் செய்ய வேண்டிய முதல் திருத்தம், அதை அனுப்பும் நேரம்தான். முழு விவரத்தையும் முதலில் அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பு படித்துவிட்டு “சம்மதம்” என்று பதில் போட வேண்டும். அதன் பிறகே பணம் அனுப்பும் எண்ணைக் கொடுக்க வேண்டும். தேதி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றம் குடும்பத்துக்கு இருக்கும். அதற்கும் ஒரு வரி போதும்: “இந்தத் தேதியை நாளை மாலை 6 மணி வரை உங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம்.” வாட்ஸ்அப்பில் சம்மதித்தால் செல்லுமா என்ற சந்தேகம் வேண்டாம். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

அடுத்தது பணம். அந்த 59,000 ரூபாய் எதற்காக என்பதைச் செய்தி சொல்லவில்லை. மண்டபங்கள் வாங்கும் முன்பணத்துக்குள் பெரும்பாலும் மூன்று தனித்தனித் தொகைகள் கலந்து கிடக்கின்றன. தேதியை வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பதற்கான உறுதித் தொகை ஒன்று. வாடகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டியது இன்னொன்று. நாற்காலி உடைந்தாலோ சுவரில் ஆணி அடித்தாலோ பிடித்துக்கொள்வதற்கான டெபாசிட் மூன்றாவது. விழா நின்றுபோனால் இந்த மூன்றுக்கும் ஒரே விதி கிடையாது. டெபாசிட்டைப் பிடிக்க முகாந்திரமே இல்லை. மண்டபத்தை யாரும் பயன்படுத்தவே இல்லையே! உறுதித் தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். தகராறெல்லாம் நடுவில் இருக்கும் வாடகைப் பகுதியில்தான்.

உச்ச நீதிமன்றம் 1963-ல் பத்தே சந்த் வழக்கில் இந்தக் கோட்டைத்தான் போட்டது. டெல்லியில் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டவர், உறுதிப் பணமாக 1,000 ரூபாயும் அதன்பின் 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். பேரம் முறிந்ததும் விற்பவர் 25,000 ரூபாயையும் தனக்கே என்றார். 1,000 ரூபாயைப் பிடித்துக்கொள்ளலாம், 24,000 ரூபாயை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பானது. அடிப்படை, 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் உள்ள 74-வது பிரிவு. இவ்வளவு பிடிப்போம் என்று எழுதி வாங்கியிருந்தாலும், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். எழுதிய தொகை அதற்கான உச்சவரம்பு, அவ்வளவுதான். அப்படியிருக்க, ‘எக்காரணம் கொண்டும்’ என்ற இரண்டு சொற்களை நம்பி முழுத் தொகையையும் பெட்டியில் வைத்துக்கொள்ளும் மண்டபம் பலவீனமான இடத்தில்தான் நிற்கிறது.

நியாயமான இழப்பீடு எவ்வளவு? இங்கேதான் முகூர்த்தக் கணக்கு வருகிறது. வைகாசி ஞாயிறு முகூர்த்தத்தை ஏழு மாதம் முன்னாலேயே ரத்து செய்தால், அந்தத் தேதிக்கு வேறொரு குடும்பம் வந்துவிட வாய்ப்பு அதிகம். அப்படி வந்துவிட்டால் மண்டபத்துக்கு நஷ்டமென்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதே தேதியைப் பதினைந்து நாள் இருக்கும்போது ரத்து செய்தால் கதை வேறு. இடையில் கேட்டு வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. இனி புதிதாகப் பத்திரிகை அடித்து அந்தத் தேதிக்கு யார் வருவார்? ஆக நஷ்டத்தைத் தீர்மானிப்பது, ரத்து செய்யும் நாளுக்கும் விழா நாளுக்கும் உள்ள இடைவெளிதான். முகூர்த்த நாள் என்பதற்காகவே கெடுபிடியை அதிகமாக்கும் மண்டபங்கள் இந்த இடத்தில் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றன.

மறுபடி வாடகைக்குப் போன தேதிக்கும் பணத்தைப் பிடிக்கலாமா என்ற கேள்விக்கு 2015-ல் வந்த கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் தீர்ப்பு கைகொடுக்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் மனையை 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தவரிடமிருந்து 78 லட்சத்தை ஆணையம் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனை 11.78 கோடிக்குப் போனது. நஷ்டமே இல்லாதபோது இழப்பீடு எதற்கு என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 78 லட்சத்தையும் வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது.

மண்டபத்துக்காரர்கள் இதைத் தங்களுக்கு எதிரான தீர்ப்பாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நஷ்டம் உண்மையில் ஏற்பட்டிருந்தால் அதைக் காட்டுவதற்கு வழி வைத்துக்கொள்ளலாம். மண்டபத்து டைரியில் பதிவானவர்களை எழுதுகிறார்கள். தேதி இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போனவர்களை எழுதுவதில்லை. எந்த நாளில் யார் வந்து, எந்தத் தேதியைக் கேட்டார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், கடைசி நேர ரத்தால் உண்டான இழப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாடகை 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 27,000. மொத்தம் 1,77,000. முன்பணம் 59,000 ரூபாய், அதாவது வாடகையில் மூன்றில் ஒரு பங்கான 50,000-ம் அதற்கான வரி 9,000-ம். இதில் வாடகையின் 10 சதவீதமான 15,000 ரூபாயை உறுதித் தொகையாக வைத்தால் வரியோடு 17,700 ஆகிறது. மீதி 41,300 ரூபாய் முன்கூட்டிக் கட்டிய வாடகை.

ஏன் 10 சதவீதம்? மண்டபத்துக்கு இவ்வளவுதான் என்று எந்தச் சட்டமும் எண் சொல்லவில்லை. ஆனால் கோத்ரெஜ் நிறுவனத்தின் அடுக்குமாடி வீட்டுப் பதிவு ரத்தான வழக்கில், 2025 பிப்ரவரியில், அடிப்படை விலையில் 10 சதவீதம் பிடிப்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிறுவனம் கேட்டது 20 சதவீதம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் நியாயமற்ற வணிக முறை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. மண்டபத்துக்கும் 10 சதவீதம் தற்காத்துப் பேசக்கூடிய அளவுதான்.

வரி விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. “ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிட்டோம், அது திரும்பாது” என்பார்கள். சேவைக்கு முன்பணம் வாங்கும்போதே வரி கட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் சேவை நடக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், அதற்கென்று ரீஃபண்ட் வவுச்சர் போட்டு அந்த வரியைச் சரிக்கட்டிக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்திலேயே வழி உண்டு. பிடித்துக்கொள்ளும் ரத்துக் கட்டணத்துக்கு மட்டும் வரி உண்டு. மூலச் சேவைக்கு என்ன விகிதமோ அதே விகிதம் என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய அரசுச் சுற்றறிக்கை விளக்கியிருக்கிறது. ஜிஎஸ்டி பதிவே இல்லாத மண்டபம் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

தேதியும் சிக்கல்தான். ‘06.06.2027’ என்றால் எப்போதிலிருந்து எப்போது வரை? பல மண்டபங்களில் ஒரு நாள் என்பது முந்தின நாள் பிற்பகலில் தொடங்கி முகூர்த்தம் முடிந்த பிற்பகலோடு முடிகிறது. அதில்தான் முந்தின இரவு வரவேற்பும் அடங்கும். காதுகுத்து, வசந்த விழா என்று பகலில் முடியும் விசேஷத்துக்கு வேறு கணக்கு. வெறும் தேதியை எழுதினால், முந்தின நாள் சாவி வாங்க வரும்போது வேறொரு வீட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல ‘90 நாட்களுக்கு முன்’ என்று எழுதினால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சண்டை வரும். கடைசித் தேதியையே காலண்டரைப் பார்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது.

இந்த ஊரில் கல்யாணம் தள்ளிப்போகப் பெரிய காரணம் வீட்டில் நேரும் மரணம். நெருங்கிய உறவு இறந்தால் வருஷம் திரும்பும் வரை சுபகாரியம் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் போய், ‘ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்பது சலுகையே இல்லை. ஒரு வருடம் கழிய வேண்டும், பிறகு முகூர்த்தம் வாய்க்க வேண்டும். ஆகவே 15 மாத அவகாசம் கொடுத்தால்தான் அந்த வரிக்கு அர்த்தம் உண்டு. தேதி மாற்றத்தை ரத்தாகக் கருதக் கூடாது என்பதையும் தனியே எழுத வேண்டும். மண்டபத்துக்கும் இதில் லாபம்தான். பணம் கையை விட்டுப் போவதில்லை, வாடிக்கையாளரும் போவதில்லை.

அரசு உத்தரவு வந்தால் என்ன என்பது 2020-க்கு முன்பு யாரும் யோசிக்காத கேள்வி. அந்த வருடம் மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல், நேரலையில் பார்க்கும்படி நடந்தது. வீட்டுக் கல்யாணங்கள் வாசல் பந்தலிலும் மொட்டை மாடியிலும் நடந்தன; மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாத நிலை வந்தால் அது செல்லாததாகிவிடும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு. அப்படிச் செல்லாமல் போனால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. மண்டபத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தால் உறுதித் தொகை உட்பட முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று எழுதிவிடுவதே நேர்மை. சிக்கல் எழுவது, மண்டபத்தைத் திறக்கலாம், ஆனால் 50 பேர்தான் கூடலாம் என்று உத்தரவு வரும்போதுதான். அறுநூறு பேருக்குப் பிடித்த மண்டபத்தில் ஐம்பது பேரை உட்கார வைப்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் யாருக்கும் அது வேண்டாம். சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் கிடைக்காது. செய்தியே ஓர் எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

பணம் யாருக்குத் திரும்ப வேண்டும்? கல்யாணம் நின்றுபோன வீட்டில் இதுதான் மிகக் கசப்பான கேள்வி. சில சமூகங்களில் மண்டபச் செலவு பெண் வீட்டார், சிலவற்றில் மாப்பிள்ளை வீட்டார், சிலவற்றில் பாதிப் பாதி. பதிவு செய்தவர் ஒருவர், பணம் அனுப்பியவர் இன்னொருவர். இரு வீட்டாரும் பேச்சுவார்த்தை முறிந்து நிற்கும்போது, இருவருமே மண்டபத்துக்குப் போன் போடுகிறார்கள். பதிவு செய்தவர் சொன்னால் மட்டுமே ரத்து, பணம் வந்த கணக்குக்கே பணம் திரும்பும் என்ற இரண்டு வரிகள் இருந்தால் மேனேஜர் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாக, மண்டபமே தவறு செய்தால்? ஒரே தேதிக்கு இருவரிடம் முன்பணம் வாங்குவது நடக்காத காரியம் இல்லை. வாடிக்கையாளர் ரத்து செய்தால் பிடித்தம், மண்டபம் ரத்து செய்தால் மௌனம் என்றிருக்கும் ஒப்பந்தத்தை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்துவது நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது. சேவைக் குறைபாடு என்று மதுரையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

இவ்வளவையும் சேர்த்தால் செய்தி எவ்வளவு நீளும்? அப்படியொன்றும் நீளவில்லை. பணம் வாங்குவதற்கு முன் அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம். தாங்கள் கேட்ட மண்டபம் 05.06.2027 சனி பிற்பகல் 3 மணி முதல் 06.06.2027 ஞாயிறு பிற்பகல் 3 மணி வரை காலியாக உள்ளது.

வாடகை ரூ.1,50,000 + ஜிஎஸ்டி ரூ.27,000 = ரூ.1,77,000. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கட்டணம் தனி. டெபாசிட் ரூ.20,000 சாவி வாங்கும்போது தர வேண்டும். சேதம் இருந்தால் அதைக் கழித்து, விழா முடிந்த 3 நாளில் திருப்பித் தருவோம்.

இப்போது செலுத்த வேண்டியது ரூ.59,000. இதில் ரூ.17,700 உறுதித் தொகை. தாங்கள் ரத்து செய்தால் இது திரும்பாது. மீதி ரூ.41,300 வாடகையின் முன்பணம்.

08.03.2027-க்குள் ரத்து செய்தால் ரூ.41,300 திரும்பும். 09.03.2027 முதல் 07.05.2027 வரை ரத்து செய்தால் ரூ.14,750 திரும்பும். அதற்குப் பின் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. பாக்கி வாடகையும் கேட்க மாட்டோம். எப்போது ரத்து செய்தாலும் அதே தேதி வேறொருவருக்கு இதே வாடகைக்குப் போனால் உறுதித் தொகை தவிர மீதியைத் தருவோம். குறைந்த வாடகைக்குப் போனால் அந்த வித்தியாசத்தையும் கழித்துத் தருவோம்.

07.05.2027-க்குள் சொன்னால் ஒருமுறை தேதி மாற்றலாம், பிடித்தம் இல்லை. குடும்பத்தில் மரணம் என்றால் கடைசி நாள் வரை மாற்றலாம். புதிய தேதி 06.09.2028-க்குள், காலியாக இருப்பதைப் பொறுத்து. வாடகை வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் கட்ட வேண்டும்.

அரசு உத்தரவால் மண்டபம் மூடப்பட்டாலோ 200 பேருக்கும் குறைவாகவே கூட அனுமதி என்றாலோ ரூ.59,000-ம் திரும்பும். எங்கள் தவறால் மண்டபம் தர முடியாமல் போனால் ரூ.59,000-த்தோடு உறுதித் தொகைக்குச் சமமான ரூ.17,700-ம் சேர்த்துத் தருவோம்.

ரத்தும் தேதி மாற்றமும் இந்த எண்ணிலிருந்து வரும் செய்தியால் மட்டுமே. பணம் வந்த கணக்குக்கே 7 நாளில் திரும்பும். படித்துவிட்டு ‘சம்மதம்’ என்று பதில் அனுப்பினால் பணம் செலுத்தும் எண்ணை அனுப்புகிறோம்.”

இரண்டாவது கட்டத்தில் 14,750 எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: வாடகையில் 25 சதவீதம் 37,500, வரியோடு 44,250, அதை 59,000-ல் கழித்த மிச்சம். சதவீதத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல், கணக்குப் போட்ட தொகையையே எழுதுவதுதான் இந்தச் செய்தியின் பெரிய வசதி. முழு வாடகையில் 25 சதவீதமா, கொடுத்த முன்பணத்தில் 25 சதவீதமா என்று வரக்கூடிய தகராறு முளைக்கவே முளைக்காது. சிறிய மண்டபம் என்றால் கட்டங்களை இரண்டாகக் குறைக்கலாம். கிராமத்துப் பக்கம் முகூர்த்தம் இல்லாத நாளில் நடக்கும் விசேஷத்துக்கு உறுதித் தொகை மட்டுமே போதும்.

இது தீர்க்காத சிக்கலும் உண்டு. சமையல்காரர், மேடை அலங்காரம், நாதஸ்வரம், போட்டோ என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அட்வான்ஸ் போகிறது. மண்டபத்தின் செய்தி அவர்களைக் கட்டுப்படுத்தாது. மண்டபமே சமையலையும் சேர்த்து எடுத்திருந்தால், அதற்கான ரத்து விதியைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். மளிகை வாங்குவது விழாவுக்குச் சில நாள் முன்புதான் என்பதால் அங்கே கெடு இன்னும் நெருக்கமாக இருக்கலாம்.

பதிவோடு வேலை முடிவதில்லை. மார்ச் 8-ம் தேதிக்குப் பத்து நாள் முன்னால், அதாவது பிப்ரவரி 26-ல், மண்டபத்திலிருந்து ஒரு நினைவூட்டல் போக வேண்டும்: “தங்கள் பதிவு 06.06.2027-க்கு உறுதியாக உள்ளது. தேதியில் மாற்றம் இருந்தால் 08.03.2027-க்குள் தெரிவித்தால் ரூ.41,300 திரும்பும்.” ஏப்ரல் 27-ல் இன்னொன்று. நின்றுபோன கல்யாணத்தைச் சொல்லக் கூசி நாளைத் தள்ளிக்கொண்டே போகும் குடும்பம், இந்த வரியைப் பார்த்ததும் போன் செய்யும். வைகாசி ஞாயிறு கேட்டுக் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்கு மண்டபத்தைக் கொடுக்க மூன்று மாதம் கிடைக்கும்.